தாழ்ப்பாள் அக்கா விடுப்பு எடுத்த கதை

அலுவலகத்தில் அவளை எல்லோரும் தாழ்ப்பாள் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். முதலில் கேலியாக வந்த பெயர். பிறகு கேலி போய்ப் பெயர் மட்டும் நின்றது.

துணியும் செருப்பும் இணையத்தில் விற்கிற கம்பெனி அது. கடை என்று தெருவில் ஒன்றும் கிடையாது. நான்காவது மாடியில் ஒரு நீளமான கூடம், வரிசையாக மேசைகள், சன்னல் ஓரம் காபி இயந்திரம், அவ்வளவுதான். அந்தக் கூடத்தின் கோடியில், தூணுக்குப் பின்னால், யார் கண்ணிலும் சட்டென்று படாத இடத்தில் அவள் உட்கார்ந்திருப்பாள். அந்த இடத்தை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள் என்று சிலர் சொல்வார்கள். அவள் வாய் திறந்து கேட்டிருப்பாளா என்று மற்றவர்கள் சந்தேகப்படுவார்கள்.

அவளுடைய வேலை நேரம் வைத்த வேலைகளைப் பார்த்துக்கொள்வது. கம்ப்யூட்டர்கள் யாரும் சொல்லாமலே தினமும் தாமாகச் செய்கிற வேலைகள் நிறைய உண்டு. ஒன்று கிடங்கில் எத்தனை ஜோடி செருப்பு மிச்சம் என்று கணக்குப் பார்க்கும். ஒன்று வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் அனுப்பும். ஒன்று பழைய குப்பைக் கோப்புகளை அழிக்கும். ஒன்று எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைக்கும். இவற்றையெல்லாம் நேரம் பார்த்துக் கிளப்பிவிடுவதற்கு ஒரு மென்பொருள் இருந்தது. ஷெட்யூலர் என்பார்கள். அதன் திரையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி, வரியின் ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தான். ஓடவிடலாம், நிறுத்தி வைக்கலாம்.

பெரிய தள்ளுபடி விற்பனை வருகிறது என்றால் கம்பெனியில் ஃப்ரீஸ் அறிவிப்பார்கள். ஃப்ரீஸ் என்றால் கை வைக்கக் கூடாத காலம். புதிதாக எதையும் ஏற்றக் கூடாது, எந்த அமைப்பையும் மாற்றக் கூடாது. ஊரே கடைக்குள் நெரிகிற நேரத்தில் சுவருக்கு ஆணி அடித்துக்கொண்டிருக்க முடியுமா? அதுதான் காரணம். விற்பனை தொடங்குவதற்கு முந்தின நாள், கம்ப்யூட்டர்களுக்குப் பாரமான நேரம் வைத்த வேலைகளையும் நிறுத்தி வைக்க வேண்டும். அது தாழ்ப்பாள் அக்காவின் பொறுப்பு.

பொத்தானை அழுத்துவதில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். அவள் அழுத்துகிற விதத்தைக் கொஞ்ச நேரம் கவனித்தால் அப்படித் தோன்றாது. ஒரு வேலை ஓடிக்கொண்டிருந்தால் அது முடிகிற வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள். அழுத்தினாலும் ஓடுகிறது உடனே நிற்காது, நின்றுவிட்டது என்று நம்பிப் போனால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். முடிந்ததும் பொத்தானை அழுத்துவாள். பக்கத்திலேயே குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கும். மற்றவர்கள் அதில் 'ஃப்ரீஸ்' என்று ஒரே சொல்லைத் தட்டிவிட்டுப் போவார்கள். அவள் முழுசாக எழுதுவாள். எதற்காக நிறுத்தினேன், யார் நிறுத்தினது, எது வரைக்கும், திறக்கும்போது விட்டுப்போனதை ஓட்ட வேண்டுமா வேண்டாமா. 'வேலை ஓடவில்லை' என்று அலறுகிற எச்சரிக்கைகளில், தான் நிறுத்தினவற்றுக்கு உரியதை மட்டும் அடக்குவாள். ஒருமுறை வேறொருவர் சத்தம் தாங்காமல் எல்லா எச்சரிக்கையையும் ஒட்டுமொத்தமாக அணைத்துவிட்டார். அன்றைக்கு அவள் ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுவிட்டு, காபி குடிக்கப் போய்விட்டாள்.

அங்கேதான் சிக்கலும் இருந்தது. அவள் செய்வது எல்லோருக்கும் தெரியும், எப்படிச் செய்கிறாள் என்பது யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வாய் திறந்து நாலு பேர் முன்னால் பேசுவதைவிட நாலு பேர் வேலையைத் தானே செய்துவிடுவது அவளுக்குச் சுலபம்.

அந்த வருடம் விற்பனை அறிவித்த வாரத்தில் தங்கை போன் செய்தாள். தங்கை இருந்தது ரயிலில் போனால் ஒரு பகல் ஆகிற ஊரில். வயிற்றில் பிள்ளை. கணவர் கப்பலில் வேலை, கரைக்கு வர இன்னும் மாதங்கள் ஆகும்.

"டாக்டர் தேதி சொல்லிட்டாங்கக்கா," என்றாள் தங்கை.

"எப்போ?"

தங்கை சொன்னாள். அக்கா சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். விற்பனை வாரத்துக்கு நடுவே விழுந்தது.

"சரி," என்றாள்.

"நீ வரியா வரலியான்னு நான் கேக்கலை," என்றாள் தங்கை. "தேதி சொன்னாங்க, சொல்றேன், அவ்வளவுதான்."

கேட்காமல் விட்டதுதான் அக்காவைக் குத்தியது. இதற்கு முன்னால் ஒரு தடவை தங்கை பிள்ளை உண்டாகி, அது நாலாம் மாதத்திலேயே தங்காமல் போனது. அப்போதும் இப்படித்தான் ஒரு ஃப்ரீஸ். அக்கா தூணுக்குப் பின்னால் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தங்கை ஆஸ்பத்திரியில் தனியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தனியாக ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனாள். அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு நாளும் பேசியதில்லை.

அன்று மாலை அக்காவின் கணவர் வேலை முடிந்து வந்தார். பஸ் ஓட்டுகிறவர். காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தார்.

"யாரு என்ன சொன்னாங்க?"

"யாரும் ஒண்ணும் சொல்லலை. லீவு கேக்கணும்."

"கேளு."

"ஃப்ரீஸ்ல யாருக்கும் லீவு கிடையாது."

"கேட்டுப் பாத்தியா?"

"இல்லை."

"அப்போ கிடையாதுன்னு உனக்கு யார் சொன்னது? நீயே சொல்லிக்கிட்டியா?" அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, கால் மேல் கால் போட்டு, மூக்குக்கண்ணாடி இல்லாத மூக்கில் கண்ணாடியை ஏற்றிவிடுவதுபோல் செய்தார். "நான்தான் உங்க மேனேஜர். கேளு பாக்கலாம்."

அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "எனக்கு லீவு வேணும்," என்றாள்.

"என்னம்மா முணுமுணுக்கிறே? காய்கிட்ட லீவு கேக்கிறியா?"

"எனக்கு லீவு வேணும் மேடம்."

"எதுக்கு?"

"தங்கச்சிக்குப் பிரசவம்."

"பிரசவம் உனக்கா தங்கச்சிக்கா?"

அவள் கத்தியை வைத்துவிட்டு அவரை முறைத்தாள். "எங்க மேடம் அப்படியெல்லாம் கேக்க மாட்டாங்க."

"கேக்காத ஆளுகிட்ட என்ன பயம் உனக்கு?" என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில் அவள் மேனேஜர் மேடத்தின் அறை வாசலில் போய் நின்றாள். மேடம் போனில் இருந்தார். பேசி முடிக்கிற வரை நின்றாள். பிறகு, வீட்டில் சொல்லிப் பார்த்ததைவிட வேகமாக, மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

மேடம் கொஞ்ச நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். "நீ இத்தனை வருஷத்துல எங்கிட்ட வந்து கேட்ட முதல் விஷயம் இது," என்றார். "முடியாதுன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. ஆனா நீ போனா வேலையை யார் பாப்பாங்க? உன் வேலை தெரிஞ்ச ஒரு ஆளைக் காட்டு."

அவளால் ஒருவரையும் காட்ட முடியவில்லை.

"போன் பண்ணிக் கேட்டுக்கலாம்னு சொல்லாதே," என்றார் மேடம். "நீ அங்க தங்கச்சி பக்கத்துல நின்னுக்கிட்டு இங்க பொத்தான் அழுத்தச் சொல்றது லீவே இல்லை. உன்னைக் கூப்பிடாமலே செய்யிற மாதிரி ஒருத்தரைத் தயார் பண்ணு. செஞ்சா நீ தாராளமா போ. இல்லைன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

அப்படி வந்து மாட்டினவர்தான் சித்தப்பா. அவர் யாருக்கும் சித்தப்பா இல்லை. டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிறவர். முப்பது வயதிலேயே தலை வெளுத்துவிட்டதால் வந்த பெயர். வாயைத் திறந்தால் கிண்டல்தான் வரும். தாழ்ப்பாள் அக்கா என்ற பெயரையே அவர்தான் வைத்தார் என்று ஒரு பேச்சு உண்டு. மேடம் கூட்டத்தில் யாராவது முன்வருகிறீர்களா என்று கேட்டபோது எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். சித்தப்பா மட்டும் கூரையைப் பார்த்தார். மேசையைப் பார்க்காதவர் அவர் ஒருவர்தான் என்பதால் மேடம் அவரைப் பிடித்துக்கொண்டார்.

அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தூணுக்குப் பின்னால் வந்தார். "இப்படி ஒரு இடம் இங்க இருக்கா? குகை மாதிரி இருக்கு. சரி, பாடம் ஆரம்பிங்க டீச்சர்."

அவள் திரையைக் காட்டினாள். ஒரு வரியைத் தொட்டாள், அடுத்த வரியைத் தொட்டாள்.

"சைகையிலேயே முடிச்சிடுவீங்க போல இருக்கே," என்றார். "ஃப்ரீஸ் அன்னைக்கு எல்லாத்தையும் நிறுத்திடணும். அதானே?"

"இல்லைங்க," என்றாள் சட்டென்று. அவர் தப்பாகச் சொன்னதில் அவளுக்கு வாய் திறந்துகொண்டது. "எல்லாத்தையும் நிறுத்தினா கடையே நின்னுடும். நகல் எடுக்கிறது ஓடணும். குப்பை அழிக்கிறது ஓடணும், இல்லைன்னா சேல் கூட்டத்துல வர்ற கோப்புக்கு இடம் இருக்காது. கிடங்குக் கணக்கு ஓடணும், இல்லைன்னா இல்லாத செருப்பை வித்துடுவோம்."

"அப்போ எதை நிறுத்தணும்?"

"பாரமானதை. தள்ளிப்போட்டா யாருக்கும் நஷ்டம் இல்லாததை."

"ஓடிக்கிட்டு இருக்கிறப்போ நிறுத்தினா?"

"ஓடிக்கிட்டு இருக்கிறது நிக்காது. அடுத்த தடவை கிளம்பாது, அவ்வளவுதான். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டா உள்ளே இருக்கிறவங்க மறைஞ்சு போயிட மாட்டாங்க இல்லையா. அவங்க வெளிய வந்தப்புறம்தான் போடணும்."

சித்தப்பா தலையை ஆட்டினார். "பேரு சரியாத்தான் வச்சிருக்கேன்."

அடுத்த சில நாட்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் அங்கேயே வந்து உட்கார்ந்தார். திறப்பதைப் பற்றியும் சொல்லிக்கொடுத்தாள். நிறுத்தி வைத்த வேலையைத் திறக்கும்போது, இடையில் விட்டுப்போன முறைகளை என்ன செய்வது என்று ஷெட்யூலர் கேட்கும். எல்லாவற்றையும் ஓட்டு என்று விட்டால், கடிதம் அனுப்புகிற வேலை விட்டுப்போன எல்லா நாளுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் அனுப்பித் தள்ளும். ஒரே ஆளுக்கு ஒரே கடிதம் திரும்பத் திரும்பப் போகும். அதை விட்டுவிடு என்று சொல்ல வேண்டும். சிலவற்றை ஒரே ஒரு தடவை ஓட்டு என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் திறக்கக் கூடாது. ஒன்றைத் திறந்து, அது ஓடி முடித்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது.

"கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக் கூடத்துக் கதவு மாதிரி," என்றார் சித்தப்பா. "ஒரேயடியா திறந்துவிட்டா எலை கிழிஞ்சிடும்."

அவள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை. சித்தப்பாவே கொஞ்சம் திகைத்துப் போனார்.

விற்பனைக்கு முந்தின நாள் மதியம் நிறுத்தும் வேலையை அவரையே செய்யச் சொன்னாள். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் காத்திருந்து, ஒவ்வொன்றாக அழுத்தி, குறிப்புக் கட்டத்தில் அவள் எழுதுகிற மாதிரியே எழுதினார். அளவு மாற்றும் வேலைக்கு வந்தார்.

வாங்கின செருப்பு கடிக்கிறது, சட்டை இறுக்குகிறது என்று மாற்றிக் கேட்கிறவர்களின் விண்ணப்பங்களை, பொட்டலம் எடுத்துவருகிற கம்பெனி தினமும் கோப்பாகக் கம்ப்யூட்டரில் அதற்கென்று இருக்கிற ஒரு பெட்டியில் போட்டுவிட்டுப் போகும். இந்த வேலை தினமும் அதைப் படித்து, விற்பனைக் கணக்கில் ஏற்றும். ஏற்றும்போது கணக்குப் பட்டியலை வேறு எதுவும் தொட முடியாதபடி கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், விற்பனை நேரத்தில் அதை நிறுத்தி வைப்பது வழக்கம். மாற்றுகிறவர்களுக்குச் சில நாள் தாமதம் என்று தளத்திலேயே போட்டிருப்பார்கள். திறக்கும்போது ஒரே தடவை ஓட்டினால் போதும், பெட்டியில் சேர்ந்திருப்பது எல்லாவற்றையும் அது படித்துக்கொள்ளும்.

"எதுக்கு, யாரு, எது வரைக்கும்," என்று சொல்லிக்கொண்டே தட்டினார் சித்தப்பா. தட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தார். "அதுக்கு மேல போனா?"

"எதுக்கு மேல?"

"எது வரைக்கும்னு போட்டுட்டோம். அந்தத் தேதிக்கு மேல போச்சுன்னா என்ன ஆகும்?"

"போகாதுங்க. ஃப்ரீஸ் ஒரு நாளும் தேதி தாண்டினது இல்லை."

"என் தம்பிகூட ஒரு நாளும் பரீட்சையில தவறினது இல்லை. தவறின வருஷம் வரைக்கும்."

அவளுக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. இத்தனை வருடம் செய்கிற வேலை. ஆனாலும் அவர் கேட்டது கிண்டலுக்காக இல்லை என்று தெரிந்தது. யோசித்தாள். மேலே போனால் பெட்டியில் கோப்புகள் இன்னும் கொஞ்சம் சேரும். சேர்ந்தால் என்ன, படிக்கிறபோது படித்துக்கொள்ளும். சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள்.

குப்பை அழிக்கும் வேலை. அது ஓடிக்கொண்டிருக்கிறதே.

இரண்டு பேரும் அதன் அமைப்பைத் திறந்து பார்த்தார்கள். எந்தெந்தப் பெட்டியை அழிக்க வேண்டும் என்ற வரிசையில் அந்த விண்ணப்பப் பெட்டியும் இருந்தது. ஒரு வாரத்துக்கு மேல் பழசானால் அழித்துவிடும். தினமும் படிக்கிற பெட்டிதானே, ஒரு வாரம் ஆன கோப்பு என்றால் படித்து முடித்ததாகத்தான் இருக்கும் என்று யாரோ எப்போதோ எழுதி வைத்தது. படிக்கிற வேலையை நிறுத்திவிட்டு அழிக்கிற வேலையை ஓடவிட்டால், படிக்காத விண்ணப்பமும் பழசானதும் போய்விடும். இதுவரை எந்த ஃப்ரீஸும் ஒரு வாரத்தைத் தாண்டாததால் யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

"நான் இதைப் பாத்ததே இல்லை," என்றாள்.

"நான் மட்டும் பாத்தேனா? சும்மா கேட்டேன்," என்றார் சித்தப்பா. "வாங்க, மேடத்துகிட்ட போவோம்."

மேடம் கேட்டுவிட்டு உதட்டைக் கடித்தார். அழிக்கும் வேலையின் அமைப்பை மாற்றலாமா என்றால், ஃப்ரீஸ் தொடங்கிவிட்டது. பல வருடமாகக் கை வைக்காத ஒன்றில் விற்பனைக்கு முந்தின நாள் கை வைத்து, வேறு எதையாவது அழித்துத் தொலைத்தால்?

அவள்தான் பேசினாள். "மாத்த வேண்டாம் மேடம். ஒரு வாரம் நெருங்குற மாதிரி இருந்தா, கூட்டம் இல்லாத காலை நேரத்துல அளவு மாத்துற வேலையை மட்டும் கையால ஒரு தடவை ஓட்டிட்டு, திரும்ப நிறுத்தி வச்சிடலாம். அது புதுசா ஒண்ணும் இல்லை. தினமும் செய்யிற வேலைதான், நேரம்தான் வேற."

"ஓட்டறதுக்கு முன்னாடி பெட்டியை ஒரு நகல் எடுத்து வச்சிக்கலாம்," என்றார் சித்தப்பா.

மேடம் அதற்கு அப்போதே எழுத்தில் ஒப்புதல் கொடுத்தார். சித்தப்பா குறிப்புக் கட்டத்தில் இன்னொரு வரி சேர்த்தார். அதுக்கு மேல போனா என்று தொடங்கி, அவர் பேசுகிற மாதிரியே எழுதினார்.

மறுநாள் அதிகாலை ரயிலில் அவள் கிளம்பினாள்.

தங்கை வீட்டு வாசலில் அவள் பையோடு நின்றபோது, தங்கை கதவைத் திறந்து, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "கடையை யாருகிட்ட விட்டுட்டு வந்தே?" என்றாள்.

"சித்தப்பாகிட்ட."

"நமக்கு ஏது சித்தப்பா?"

அதைச் சொல்லி முடிக்க அன்று ராத்திரி வெகு நேரம் ஆயிற்று. தங்கை சிரிக்கிறபோதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் சொன்ன தேதி வந்து போனது. பிள்ளை அசைந்து கொடுக்கவில்லை. இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம் என்றார்கள். ரெண்டு நாள் போய் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குள் விற்பனை முடிந்திருக்க வேண்டும். முடிந்ததும் ஃப்ரீஸும் முடியும், சித்தப்பா ஒவ்வொன்றாகத் திறந்திருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். போனை எடுத்துப் பார்க்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தாள்.

காத்திருக்கும் கூடத்தில் பச்சை நாற்காலிகள். எதிரே சுவரில் ஒரு தொலைக்காட்சி, சத்தமில்லாமல். தங்கைக்குத் தண்ணீர் வாங்கிக்கொண்டு திரும்பும்போது அதில் அவர்கள் கம்பெனி விளம்பரம் ஓடியது. சிரிக்கிற ஒரு பெண், கை நிறையப் பைகள். கீழே பெரிய எழுத்தில்: மக்களின் பேராதரவால் விற்பனை நீட்டிப்பு.

பாட்டிலைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

விற்பனை நீண்டால் ஃப்ரீஸும் நீளும். மனசுக்குள் நாட்களை எண்ணினாள். இன்று மாலை அழிக்கும் வேலை ஓடும்போது முதல் நாள் விண்ணப்பங்களுக்கு ஒரு வாரம் முடிந்திருக்கும். யாரோ ஒருத்தி, கடிக்கிற செருப்பைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, மாற்றுச் செருப்பு வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படி எத்தனை பேரோ.

போனை எடுத்தாள். சித்தப்பாவின் எண்ணைத் தேடினாள். அதற்குள் நர்ஸ் வந்துவிட்டார்.

"கூட யாரு இருக்கீங்க? உள்ளே வாங்க. போன், பை எல்லாம் இந்த லாக்கர்ல வச்சிடுங்க. உள்ளே எடுத்துட்டு வரக் கூடாது."

"ஒரு நிமிஷம் சிஸ்டர்."

"உங்களுக்கு ஒரு நிமிஷம், அந்தப் பொண்ணுக்கு அது இல்லை," என்றார் நர்ஸ். கோபமில்லாமல்தான் சொன்னார்.

திறந்த கதவு வழியாகத் தங்கை தெரிந்தாள். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருவாளா என்று கேட்கவில்லை. அன்றைக்குப் போனில் கேட்காத மாதிரியே, இப்போதும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் விரல் எண்ணின் மேல் இருந்தது. கூப்பிட்டால் என்ன சொல்லப்போகிறோம் என்று நினைத்துப் பார்த்தாள். எல்லாம் அவருக்குத் தெரிந்ததுதான். கேள்வியே அவருடையதுதான். அவரே கேட்ட கேள்வியை அவருக்கு ஞாபகப்படுத்தப் போகிறோமா? பிறகு எதற்கு அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து அத்தனை மதியம் உட்கார்ந்தார்?

போனை அணைத்து லாக்கரில் போட்டாள். சாவியை நர்ஸிடம் கொடுத்தாள். உள்ளே போய்த் தங்கையின் கையைக் கம்பியிலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வந்துட்டியா," என்றாள் தங்கை.

"வந்துட்டேன்."

"கை வலிக்கும், நான் இறுக்கிப் பிடிப்பேன்."

"பிடி."

தங்கை சொன்னபடியே பிடித்தாள். அந்தப் பிடியில் அக்காவின் மோதிரம் விரலில் அழுந்திய தடம் பல நாள் இருந்தது. பெண் குழந்தை. பிறந்த உடனே அழவில்லை, சுற்றும் முற்றும் ஒரு தடவை பார்த்துவிட்டு, பிறகு நிதானமாக அழுதது. "உன்னை மாதிரிதான்," என்றாள் தங்கை, கண் சொருகிக்கொண்டே. "யோசிச்சுட்டு வாயைத் திறக்குது."

தங்கை தூங்கின பிறகுதான் அவளுக்கு லாக்கர் ஞாபகம் வந்தது. போய்ப் போனை எடுத்துத் திறந்தாள். சித்தப்பாவிடமிருந்து ஒரே ஒரு செய்தி. முந்தின நாள் காலையில் அனுப்பியது. அவள்தான் பிடிவாதமாகப் பார்க்காமல் இருந்திருக்கிறாள்.

'சேல் நீட்டிச்சுட்டாங்க. நீட்டிப்பாங்கன்னு நேத்தே காபி மெஷின் கிட்ட பேசிக்கிட்டாங்க. கடைசி நாள் வரைக்கும் காத்திருக்கப் பயமா இருந்தது, அதனால இன்னைக்குக் காலையிலேயே பெட்டியை நகல் எடுத்துட்டு, அளவு மாத்துறதை ஒரு தடவை ஓட்டிட்டேன். எல்லாம் ஏறிடுச்சு, எண்ணிப் பாத்தேன். விற்பனையும் எங்கயும் தடைபடலை. திரும்ப நிறுத்தி வச்சாச்சு. இதுக்குப் பதில் போடாதீங்க. போட்டா மேடம் உங்க லீவைக் கேன்சல் பண்ணிடுவாங்கன்னு சொல்லச் சொன்னாங்க. குழந்தைக்குச் சித்தப்பான்னு ஒருத்தர் இருக்கார்னு மட்டும் சொல்லி வைங்க.'

அவள் பச்சை நாற்காலியில் உட்கார்ந்து அதை இரண்டு தடவை படித்தாள். பதில் போடவில்லை. போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, எதிரே சத்தமில்லாமல் சிரிக்கிற விளம்பரப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை அவளைப் பார்க்கப் பயமாக இல்லை.

விடுப்பு முடிந்து அவள் திரும்பி வந்தபோது ஃப்ரீஸ் முடிந்திருந்தது. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து ஷெட்யூலரைத் திறந்தாள். எல்லா வேலைகளும் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் குறிப்புக் கட்டத்தையும் பார்த்தாள். ஒவ்வொன்றும் வேறு வேறு நேரத்தில் திறக்கப்பட்டிருந்தது. கடிதம் அனுப்புகிற வேலையில், விட்டுப்போனதை விட்டாச்சு, யாருக்கும் ரெட்டைக் கடிதம் போகலை என்று எழுதியிருந்தார். அளவு மாற்றும் வேலையில் கடைசி வரி: திறந்தது சித்தப்பா. உள்ளே எல்லாரும் நல்லா இருக்காங்க.

அந்த வாரக் கூட்டத்தில் மேடம் பேசி முடித்துவிட்டு, வழக்கம்போல, "வேற யாருக்காவது ஏதாவது இருக்கா?" என்றார். வழக்கம்போல எல்லோரும் எழுந்திருக்கத் தயாரானார்கள்.

"எனக்கு இருக்கு மேடம்," என்றாள் தாழ்ப்பாள் அக்கா.

நாற்காலிகளின் சத்தம் நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் காது நுனி வரை சிவந்தது, ஆனாலும் எழுந்தே நின்றாள். குப்பை அழிக்கும் வேலையின் அமைப்பை இப்போது மாற்ற வேண்டும், ஃப்ரீஸ் இல்லாத சமயம் இதுதான் என்றாள். பழசாகிவிட்டதா என்று மட்டும் பார்க்காமல், படித்து முடித்ததா என்று பார்த்த பிறகே அழிக்கும்படி செய்ய வேண்டும் என்றாள். இனி எதை நிறுத்தினாலும், எது வரைக்கும் என்று எழுதுவதோடு, அதுக்கு மேல போனா என்ன ஆகும் என்றும் எழுத வேண்டும் என்றாள். இரண்டு பேருக்காவது தெரியாத வேலையை ஃப்ரீஸுக்குள் கொண்டுபோகக் கூடாது என்றாள்.

"இதுல கடைசிக்கு முந்தினது என்னோடது," என்றார் சித்தப்பா, கூரையைப் பார்த்தபடி.

"ஆமாங்க," என்றாள். "அது அவரோடது."

மேடம் எழுதிக்கொண்டார். "வருஷக் கடைசி ஃப்ரீஸ் வருதே. அதுல யாருக்கு லீவு?"

சித்தப்பா கையைத் தூக்கினார். அவருடைய மகள் பள்ளியில் ஏதோ நாடகத்தில் மரமாக நிற்கப் போகிறாளாம். மூன்று வருடமாக மரமாகவே நிற்கிறாள், ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லையாம்.

"போங்க," என்றாள் தாழ்ப்பாள் அக்கா. "நான் பாத்துக்கிறேன். ஆனா டேட்டாபேஸ்ல நீங்க என்ன பண்றீங்கன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. நாளைக்கு மதியம் உங்க மேசைக்கு நாற்காலியைத் தள்ளிக்கிட்டு வரேன்."

"குகையை விட்டு வெளியவா?"

"ஆமாம்," என்றாள். கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது, போனில் இருந்த குழந்தையின் படத்தைக் கேட்காதவர்களுக்கும் காட்டிக்கொண்டு போனாள்.